மல்லிகைச் சரத்தின் ஓரத்தில் கறுப்பு ஏன் திரும்பி வருகிறது: வெட்டிய படத்தைச் சிறிதாக்க எந்த வழி நல்லது

போன மாதம் ஒரு கல்யாண அழைப்பிதழ் வேலை. போனில் அனுப்புவதற்கான படம். மஞ்சள் பின்னணி, மேலே இரு பக்கமும் தொங்குகிற மல்லிகைச் சரம், நடுவில் பெயர்கள். சரத்தைத் தனியாகப் படம் பிடித்து, பின்னணியை நீக்கி, 4000 பிக்சல் அகலமுள்ள பிஎன்ஜி கோப்பாக வைத்திருந்தோம். அழைப்பிதழுக்கு 500 பிக்சல் போதும். சிறிதாக்கி மஞ்சள் மேல் வைத்ததும் ஒவ்வொரு இதழைச் சுற்றியும் அழுக்குப் பழுப்பில் ஒரு கோடு. பூ வாடிப்போன மாதிரி தெரிந்தது.

உடன் வேலை செய்யும் தம்பி அதை இரண்டு தடவை மறுபடி வெட்டினான். ஓரத்தை ஒரு பிக்சல் உள்ளே தள்ளிப் பார்த்தான். பெரிய அளவில் பார்த்தால் சுத்தமாக இருக்கும், சிறிதாக்கினால் கோடு வந்துவிடும். "அண்ணே, நான் வெட்டினது சரியாத்தான் இருக்கு, நீங்களே பெருசாக்கிப் பாருங்க" என்றான். அவன் சொன்னது உண்மை. வெட்டியதில் தப்பே இல்லை, சிறிதாக்கிய இடத்தில்தான் தப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நாள் முழுக்க மாஸ்க்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதைச் சரிசெய்ய நாலு வழிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்பது முக்கியமாக ஒரே கேள்வியைப் பொறுத்தது: படம் யார் கையில் சிறிதாகிறது?

கண்ணுக்குத் தெரியாத பிக்சலுக்கும் நிறம் உண்டு

பிஎன்ஜி படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நாலு எண்கள். சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் ஆல்ஃபா. ஆல்ஃபா 255 என்றால் முழுக்கத் தெரியும், 0 என்றால் தெரியவே தெரியாது. ஆனால் ஆல்ஃபா 0 ஆன பிக்சலிலும் மற்ற மூன்று எண்கள் காலியாக இருப்பதில்லை. ஏதோ ஒரு நிறம் அங்கே எழுதப்பட்டிருக்கும். பின்னணி நீக்கும் பல கருவிகள் அங்கே 0, 0, 0 என்று எழுதிவிடுகின்றன. அதாவது கறுப்பு. யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் யோசிப்பதும் இல்லை.

சிறிதாக்கும்போதுதான் அது வெளியே வருகிறது. படத்தைப் பாதியாக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சல்கள் ஒன்றாகின்றன. ஒன்று மல்லிகை இதழின் கடைசிப் பிக்சல்: 255, 255, 255, ஆல்ஃபா 255. அடுத்தது வெளியே உள்ள பிக்சல்: 0, 0, 0, ஆல்ஃபா 0. நாலு எண்களையும் தனித்தனியாகச் சராசரி எடுத்தால் 128, 128, 128, ஆல்ஃபா 128. ஆல்ஃபா சரிதான், பாதி இதழ், பாதி வெளி. ஆனால் நிறம்? வெள்ளைப் பூவின் ஓரம் சாம்பல் ஆகிவிட்டது.

இதை மஞ்சள் மேல் வைத்துப் பார்க்கலாம். எங்கள் மஞ்சள் 255, 204, 0. பாதி வெள்ளையும் பாதி மஞ்சளும் கலந்தால் சுமார் 255, 230, 128 வர வேண்டும், வெளிறிய இளமஞ்சள். எங்கள் படத்தில் வந்ததோ பாதி சாம்பலும் பாதி மஞ்சளும்: சுமார் 191, 166, 64. அதுதான் அந்த அழுக்குப் பழுப்பு. கவனியுங்கள், இது வெள்ளையைவிடவும் கறுத்தது, மஞ்சளைவிடவும் கறுத்தது. இரண்டு நிறங்களின் கலவை இரண்டுக்கும் நடுவில்தான் எங்காவது இருக்க வேண்டும். இரண்டையும்விடக் கறுத்த ஒன்று அங்கே நிற்கிறது என்றால் மூன்றாவதாக ஒரு நிறம் கலந்திருக்கிறது என்று பொருள். மறைந்திருந்த அந்தக் கறுப்புதான் அது.

பெயிண்ட் டப்பாவை வைத்து யோசித்தால் தப்பு எங்கே என்று பளிச்சென்று தெரியும். ஒரு டப்பா நிறைய வெள்ளை. இன்னொன்று காலி டப்பா, ஆனால் மேலே 'கறுப்பு' என்று லேபிள். இரண்டையும் ஒரு வாளியில் கவிழ்த்தால் வாளியில் வெள்ளைதான் இருக்கும். காலி டப்பாவிலிருந்து கறுப்பு வர வழியே இல்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கு பெயிண்டைக் கலக்கவில்லை, லேபிள்களைக் கலந்துவிட்டது.

முன்கூட்டியே பெருக்கி வைத்தால்

பிரீமல்டிப்ளைடு ஆல்ஃபா என்பது லேபிளை எழுதாமல் டப்பாவுக்குள் இருப்பதை அளந்து எழுதுவது. நிறத்தின் மூன்று எண்களையும் ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கிவிடுகிறோம், 255ஐ 1 என்று கணக்கிட்டு. முழு வெள்ளை அப்படியே 255, 255, 255. பாதி தெரிகிற வெள்ளை 128, 128, 128. தெரியாத பிக்சல் எந்த நிறமாக இருந்தாலும் 0, 0, 0தான். காலி என்றால் காலி. லேபிளுக்கே இடமில்லை.

இப்போது அதே இரண்டு பிக்சல்களைச் சராசரி எடுங்கள். 128, 128, 128, ஆல்ஃபா 128. அதே எண்கள்! ஆனால் இந்த முறையில் அதற்குப் பொருள் வேறு: 'பாதி அளவு வெள்ளை'. பழைய முறைக்குத் திருப்ப ஆல்ஃபாவால் வகுத்தால் 255, 255, 255, ஆல்ஃபா 128. வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.

இந்த ஒற்றுமையைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான். ஒரே நாலு எண்கள். பெருக்காத பழைய முறை, அதாவது ஸ்ட்ரெயிட் ஆல்ஃபா என்று படித்தால் சாம்பல், பிரீமல்டிப்ளைடு என்று படித்தால் வெள்ளை. எண்களைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. அது எந்த வகை என்று கூடவே ஒரு தகவல் வர வேண்டும். பிஎன்ஜி எப்போதுமே ஸ்ட்ரெயிட், அதன் விதியே அப்படி. ஓப்பன்இஎக்ஸ்ஆர் வழக்கமாக பிரீமல்டிப்ளைடு. டிஃப் கோப்பில் இரண்டுக்கும் இடம் உண்டு, எது என்று குறித்து வைக்க ஒரு தனிப் புலம் இருக்கிறது. ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இந்தக் குறிப்பு தொலைந்தால், யாரும் எதையும் சிறிதாக்காமலே ஓரம் கறுத்துவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஆல்ஃபா என்கிற எண்ணத்தை 1970களின் கடைசியில் நியூயார்க்கில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் கொண்டுவந்தார்கள். 1984இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைப்பதற்கான கணக்கை எழுதியபோதே நிறத்தைப் பெருக்கித்தான் வைத்தார்கள். பிஎன்ஜி ஏன் வேறு பாதையில் போனது என்றால் அதற்கும் நியாயம் இருக்கிறது. பெருக்கிவிட்டால் மறைந்த நிறம் திரும்பி வராது. எதையும் இழக்காமல் சேமிக்க வேண்டிய கோப்புக்கு அது ஒத்துவராது. ஆகவே சேமிக்க ஒன்று, கணக்குப் போட இன்னொன்று. தகராறு வருவதெல்லாம், சேமிக்கிற வடிவத்தை அப்படியே எடுத்துக் கணக்குப் போடும்போதுதான்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி: தானே பெருக்கிக்கொள்ளும் கருவியிடம் விடுவது

இதுதான் சோம்பேறி வழி, பெரும்பாலும் சரியான வழியும் இதுதான். பைத்தானில் பில்லோவின் `resize` ஆல்ஃபா உள்ள படம் என்று கண்டால் உள்ளுக்குள் பெருக்கி, சிறிதாக்கி, மறுபடி வகுத்துத் தருகிறது. நியரெஸ்ட் முறைக்கு மட்டும் அப்படிச் செய்வதில்லை. அதில் எதுவும் கலப்பதில்லை என்பதால் தேவையும் இல்லை. இமேஜ்மேஜிக்கின் `-resize` ஆல்ஃபாவின் எடையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நோட் ஜேஎஸ் பக்கம் ஷார்ப் என்ற நூலகமும் அப்படித்தான். பிரவுசரில் ஒரு பிஎன்ஜியை சிஎஸ்எஸ் மூலம் சிறிதாகக் காட்டினாலும் பயமில்லை.

ஆபத்து என்னவென்றால் எல்லாக் கருவிகளும் இப்படி இல்லை, பெயரை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. ஓப்பன்சிவியின் `cv2.resize` நாலு எண்களையும் தனித்தனியாகவே சராசரி எடுக்கும். அதற்கு ஆல்ஃபா என்பது நாலாவது எண், அவ்வளவுதான். ஷார்ப்புக்கு அடியில் இருக்கும் லிப்விப்ஸிலேயே `thumbnail` பெருக்கிக்கொள்கிறது, `resize` பெருக்குவதில்லை. நீங்களே முதலில் பெருக்க வேண்டும். பில்லோவிலும் `resize` ஒழுங்காக நடந்துகொள்வதைப் பார்த்து எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. `GaussianBlur` வடிகட்டி நாலு எண்களையும் தனித்தனியாகவே கலக்குகிறது. ஓரத்தை மென்மையாக்கலாம் என்று அதைப் போட்டால், சிறிதாக்காமலே கறுப்பு உள்ளே வரும். கலக்குவது எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். சிறிதாக்குவது, பெரிதாக்குவது, சாய்ப்பது, மங்கலாக்குவது, எல்லாமே பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பதுதான்.

எங்கள் மல்லிகைக்கு நடந்தது இதுதான். ஒருவர் எப்போதோ எழுதிக்கொடுத்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட், பல படங்களை ஒரே நேரத்தில் சிறிதாக்க. அதில் ஓப்பன்சிவி. வெள்ளைப் பின்னணிப் பொருள் படங்களுக்கு அதை வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறோம். ஆல்ஃபா இல்லாத படங்கள், அதனால் தப்பு வெளியே தெரியவே இல்லை.

இரண்டாவது வழி: நாமே பெருக்கி, நாமே வகுப்பது

கருவியை மாற்ற முடியாத இடத்தில் இந்த வழி. கருவியை நம்ப வேண்டாம், அது என்ன செய்கிறது என்று நமக்கே தெரிந்திருக்கும். அந்த ஸ்கிரிப்டை நாங்கள் தூக்கிப் போடவில்லை, நடுவில் சில வரிகள் சேர்த்தோம்:

```python
import cv2, numpy as np

im = cv2.imread("malli.png", cv2.IMREAD_UNCHANGED)
im = im.astype(np.float32) / 255
a = im[..., 3:4]
pm = np.dstack([im[..., :3] * a, a])
pm = cv2.resize(pm, (500, 750), interpolation=cv2.INTER_AREA)
a = pm[..., 3:4]
rgb = pm[..., :3] / np.maximum(a, 1e-6)
out = np.dstack([rgb, a]).clip(0, 1)
cv2.imwrite("malli_500.png", (out * 255 + 0.5).astype(np.uint8))
```

பெருக்கு, சிறிதாக்கு, வகு. ஆல்ஃபா 0 ஆன இடத்தில் வகுக்க முடியாது என்பதால் மிகச் சிறிய எண் ஒன்றைக் காவலுக்கு வைத்திருக்கிறோம். கடைசியில் உள்ள `clip` சும்மா அல்ல. லான்சோஸ் போன்ற கூர்மையான முறைகள் ஓரத்தில் கொஞ்சம் எகிறிக் குதிக்கும், 1ஐத் தாண்டியும் 0க்குக் கீழேயும் எண்கள் வரும். அப்படியே 8 பிட்டுக்கு மாற்றினால் ஓரத்தில் அங்கங்கே கண்டபடி நிறப் புள்ளிகள் விழும்.

கணக்கை மிதவைப் புள்ளி எண்களில், அதாவது `float32`இல் செய்ததற்கும் காரணம் உண்டு. 8 பிட்டிலேயே பெருக்கி வகுத்தால் மெல்லிய இடங்களில் நிறம் தொலைந்துபோகும். ஒரு உதாரணம். நிறம் 200, 150, 100, ஆல்ஃபா 3. பெருக்கி முழு எண்ணாக்கினால் 2, 2, 1. திருப்பி வகுத்தால் 170, 170, 85. தேன் பழுப்பாக இருந்தது பாசிப் பச்சைப் பக்கம் போய்விட்டது. ஆல்ஃபா 3 என்பது கண்ணுக்கே தெரியாத அளவு, அதனால் ஒரு தடவை நடந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் நிழலை அழுத்தமாக்கலாம் என்று பிறகு ஆல்ஃபாவைத் தூக்கினால் அந்தப் பச்சையும் கூடவே எழுந்து வரும். புகை, நிழல், கண்ணாடி, மெல்லிய துணி போன்றவற்றில் இதைப் பார்க்கலாம். மல்லிகை மாதிரி கெட்டியான பொருளில் பிரச்சினை இல்லை.

ஆகவே ஒரு பழக்கம்: பெரிய மூலக் கோப்பு ஸ்ட்ரெயிட்டாகவே இருக்கட்டும், ஒவ்வொரு அளவையும் நேரே அதிலிருந்தே எடுங்கள். 4000இலிருந்து 2000, அதிலிருந்து 1000, அதிலிருந்து 500 என்று படிப்படியாக இறங்கினால் ஒவ்வொரு படியிலும் பெருக்கி வகுத்து இழப்பு சேரும்.

மூன்றாவது வழி: மறைந்த இடத்தில் ஓர நிறத்தைப் பரப்பி வைப்பது

சிலர் கணக்கை மாற்றுவதில்லை, லேபிளை மாற்றுகிறார்கள். தெரியாத பிக்சலில் கறுப்பு இருப்பதால்தானே தகராறு, அங்கே பூவின் வெள்ளையையே எழுதி வைத்துவிட்டால்? வெள்ளையும் வெள்ளையும் கலந்தால் வெள்ளை. விளையாட்டு உருவாக்குகிறவர்கள் இதை நிறையச் செய்கிறார்கள். யூனிட்டியில் `Alpha Is Transparency` என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் ஓர நிறத்தை வெளியே பரப்பித் தரும்.

இதன் பெரிய நன்மை, படத்தை யார் சிறிதாக்கினாலும், தப்பான கணக்குப் போட்டாலும், ஓரம் ஓரளவு தப்பிக்கும். நம் கையை விட்டுப் போகிற படத்துக்கு இது ஒரு காப்பீடு மாதிரி. ஆனால் இரண்டு இடங்களில் இது கைவிடும், இரண்டையும் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, எவ்வளவு தூரம் பரப்புவது. இரண்டு மூன்று பிக்சல் பரப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 4000ஐ 500 ஆக்குவது எட்டில் ஒரு பங்காக்குவது. லான்சோஸ் 3 முறையில் புதிய பிக்சல் ஒவ்வொன்றும் மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 3 × 8 = 24 மூலப் பிக்சல்கள் வரை எட்டிப் பார்க்கும். மூன்று பிக்சல் தாண்டியதும் கறுப்பு ஆரம்பித்தால் அது கலந்தே தீரும், முன்பைவிடக் கொஞ்சம் மெல்லிசாக. எவ்வளவு சிறிதாக்கப் போகிறார்களோ அவ்வளவு அகலமாகப் பரப்ப வேண்டும். பிறர் கையில் எவ்வளவு சிறிதாகும் என்று தெரியாதே, அதனால் படம் முழுக்கப் பரப்புவதுதான் பத்திரம்.

இரண்டாவதுதான் மோசம். பரப்பி வைத்ததை இன்னொருவர் சத்தமில்லாமல் துடைத்துவிடுவார். கோப்பின் எடையைக் குறைக்கும் கருவிகளுக்கு, தெரியாத பிக்சலில் இருக்கிற நிறம் வீண் சுமை. `oxipng`இல் `--alpha` போட்டால் முழுக்கத் தெரியாத பிக்சல்களின் நிறத்தை மாற்றிவிடும். `cwebp` யாரும் கேட்காமலே அங்கே கைவைக்கும். மூல நிறம் அப்படியே வேண்டும் என்றால் இப்படிச் சொல்ல வேண்டும்:

```
cwebp -exact -lossless malli.png -o malli.webp
```

பிரவுசரின் கேன்வாஸ் வழியாகப் படம் ஒரு தடவை போய் வந்தாலும் பரப்பியது காலி, ஏனென்றால் கேன்வாஸ் உள்ளே பெருக்கித்தான் வைத்திருக்கிறது. கஷ்டப்பட்டுப் பரப்பிய நிறம் எங்கே போனது என்று தெரியாமல் கறுப்புக் கோடு 'திரும்பி' வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். எனவே இதைக் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் விளையாட்டுக்குப் படம் போகிறது என்றால் என் யோசனை, பரப்புவதோடு நிற்காமல் முழுப் பாதையையும் பிரீமல்டிப்ளைடு ஆக்கிவிடுவது. அங்கே மிப்மேப் என்று சிறிய சிறிய பிரதிகளை இயந்திரமே செய்துகொள்ளும். அதுவும் சிறிதாக்குவதுதான். படத்தை ஏற்றும்போதே பெருக்கிவிட்டு, கலக்கும் விதியை `gl.blendFunc(gl.ONE, gl.ONE_MINUS_SRC_ALPHA)` என்று வைத்தால் தூரத்தில் தெரியும் மரத்தின் இலைகளைச் சுற்றிக் கோடு வராது. இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டுவிடும். பெருக்கிய படத்துக்குப் பழைய விதி என்றால் ஆல்ஃபா இரண்டு தடவை பெருக்கப்பட்டு ஓரம் கறுக்கும். பெருக்காத படத்துக்குப் புது விதி என்றால் பாதி தெரிய வேண்டிய ஓரமும் முழு வெளிச்சமாகி, படிக்கட்டு மாதிரி வெட்டு தெரியும். மல்லிகை மாதிரி வெள்ளைப் பொருளில் இந்த இரண்டாவது தப்பு கண்ணில் படவே படாது, பூ கொஞ்சம் பருத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதனால் சோதிக்கும்போது வெள்ளையும் கறுப்பும் அல்லாத ஒரு நடுத்தர நிறப் பொருளையும் வைத்துப் பாருங்கள்.

நாலாவது வழி: பின்னணியோடு சேர்த்தே கொடுத்துவிடுவது

பின்னணி நிறம் முன்பே தெரியும், மாறப்போவதில்லை என்றால் ஆல்ஃபாவே எதற்கு? பெரிய அளவிலேயே மஞ்சள் மேல் சரத்தை வைத்து, ஒட்டி, அதன் பிறகு சிறிதாக்கினால் மறைந்த பிக்சல் என்று எதுவும் இல்லை. ஓப்பன்சிவியும் சரியாகச் செய்யும், எந்தத் தளமும் கெடுக்க முடியாது. விற்பனைத் தளத்தில் ஏற்றும் பொருள் படங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அங்கே நீங்கள் கொடுப்பதை அவர்கள் சர்வர் ஐந்தாறு அளவுகளில் சிறிதாக்கும், எந்தக் கணக்கில் என்று நமக்குத் தெரியாது. நாளைக்கு அதே படம் வேறு பின்னணிக்கு வேண்டும் என்றால் மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும், இதற்கு உள்ள ஒரே விலை அதுதான்.

கறுத்துப்போன கோப்பு மட்டுமே கையில் இருந்தால்

மூலம் தொலைந்துவிட்டது, 500 பிக்சல் படம்தான் இருக்கிறது. அப்போதும் ஒரு வழி உண்டு. மேலே பார்த்த ஒற்றுமை இங்கே உதவுகிறது. மறைந்த நிறம் கறுப்பாகவும், மூல வெட்டு 0 அல்லது 255 என்று கூர்மையாகவும் இருந்திருந்தால், தப்பாகச் சிறிதாக்கிய படம் உண்மையில் சரியான பிரீமல்டிப்ளைடு படம். தப்பாக இருப்பது அதன் பெயர் மட்டும்தான். நிறத்தை ஆல்ஃபாவால் வகுத்தால் வெள்ளை திரும்பி வந்துவிடும். ஃபோட்டோஷாப்பில் `Layer > Matting > Remove Black Matte` இந்த வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் மூல ஓரம் ஏற்கெனவே மென்மையாக இருந்திருந்தால் இது மிகையாகிவிடும். 255, 255, 255, ஆல்ஃபா 128 என்ற பிக்சலும் காலிக் கறுப்பும் தப்பாகக் கலந்தால் 128, 128, 128, ஆல்ஃபா 64. வகுத்தால் 510 வருகிறது, 255இல் முட்டி நிற்கும். வெள்ளைப் பூவுக்கு அது தெரியாது. ரோஜாவுக்கு மூன்று நிறங்களும் வெவ்வேறு அளவில் முட்டி, ஓரம் வெளிறிப் பளபளக்கும். முடி, துணி நூல் உள்ள படங்களில் இந்தச் சிகிச்சையை நான் செய்வதில்லை.

எது காரணம் என்று கண்டுபிடிப்பது

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நோயைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஓரம் கறுக்க வேறு காரணங்களும் உண்டு. முதலில் மூலப் படத்தை 100 சதவீத அளவில் அதே பின்னணி மேல் வைத்துப் பாருங்கள். அங்கேயே கோடு இருந்தால் அது வெட்டில் உள்ள தப்பு. படம் பிடித்தபோது பின்னால் இருந்த கரும் துணியின் நிறம் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அதை எந்தக் கணக்கும் சரிசெய்யாது, மாஸ்க்கில்தான் சரிசெய்ய வேண்டும். மூலம் சுத்தமாக இருந்து, சிறியதில் மட்டும் கோடு இருந்தால் சிறிதாக்கியதில் தப்பு.

அடுத்து, சிறிய படத்தை அந்தப் பொருளின் ஓர நிறத்தின் மேலேயே வையுங்கள். மல்லிகைக்கு வெள்ளைப் பின்னணி. வெள்ளை மேல் வெள்ளை, ஓரமே தெரியக் கூடாது. 191 அளவில் சாம்பல் கோடு பூவின் உருவத்தை வரைந்து காட்டினால் கறுப்பு கலந்திருக்கிறது. கோடு மறைந்துவிட்டு, முன்பு சிவப்பு பச்சை மாதிரி எதிரெதிர் நிறங்கள் சேரும்போது மட்டும் ஓரம் கலங்கலாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். திரையின் காமா வளைவை நேராக்காமல் நிறங்களைக் கலப்பதால் வருவது. பெருக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மறைந்த நிறம் என்ன என்று நேரிலேயே பார்க்க ஆல்ஃபாவைக் கழற்றிவிடலாம்:

```
magick malli.png -alpha off malli_rgb.png
```

எங்கள் கோப்பில் இதை ஓட்டியதும் கறுப்பு நடுவில் பளீரென்று மல்லிகைச் சரம். தம்பி அதைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை, நேரே ஸ்கிரிப்டைத் திறந்தான்.

அழைப்பிதழுக்கு இரண்டாவது வழியை எடுத்தோம், ஸ்கிரிப்ட் எங்களுடையது, பல படங்களுக்கு அதுவே வேண்டும் என்பதால். ஒரே ஒரு படம் என்றால் `magick malli.png -resize 500x malli_500.png` என்று முடித்திருப்போம். மாப்பிள்ளை வீட்டார் அதே சரத்தைத் தங்கள் வாழ்த்து அட்டையில் போட்டுக்கொள்ளக் கேட்டார்கள். அதை எந்த ஆப்பில் எந்த அளவுக்குச் சிறிதாக்குவார்கள் என்று தெரியாது. அவர்களுக்கு மஞ்சளோடு ஒட்டிய ஒரு படமும், வெள்ளையைப் படம் முழுக்கப் பரப்பிய ஒரு பிஎன்ஜியும் கொடுத்தோம். அந்த பிஎன்ஜியை எடை குறைக்கும் கருவி எதிலும் போடவில்லை, 2 எம்பி அதிகமானாலும் பரவாயில்லை என்று அப்படியே அனுப்பினோம்.